பேக்ரவுண்ட் எரேசரின் மூன்று சாம்பிளிங்: எது எங்கே கைவிடும்?

"போட்டோஷாப்பில் ஒரு தென்னை மரத்தை வானத்திலிருந்து பிரித்தெடுக்க பேக்ரவுண்ட் எரேசரை வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறேன். சாம்பிளிங் என்று மூன்று ஐகான் இருக்கிறது. முதலாவதை வைத்தால் ஓலையும் சேர்ந்து போகிறது, இரண்டாவதில் பாதி வானம் அப்படியே நிற்கிறது, மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. டாலரன்ஸைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். எதை எப்போது வைக்க வேண்டும்?"

டாலரன்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கோளாறு அங்கே இல்லை. இந்தக் கருவிக்கு மரமும் தெரியாது, வானமும் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு வட்டம், அந்த வட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி, அப்புறம் ஒரே ஒரு நிறம். வட்டத்துக்குள் அந்த நிறத்துக்கு நெருக்கமாக எது கிடந்தாலும் அழிக்கும், எவ்வளவு நெருக்கம் என்பதை டாலரன்ஸ் சொல்லும், அவ்வளவுதான். அந்த ஒரு நிறத்தை எப்போது, எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் அந்த மூன்று ஐகான்களும் மாற்றுகின்றன. மவுஸை அவற்றின் மேல் நிறுத்தினால் Sampling: Continuous, Sampling: Once, Sampling: Background Swatch என்று பெயர் வரும். இனி கன்டினியூயஸ், ஒன்ஸ், ஸ்வாட்ச் என்றே சொல்கிறேன்.

கன்டினியூயஸில், நீங்கள் இழுத்துக்கொண்டே போகப் போக, கூட்டல் குறி எந்த இடத்தின் மேல் வருகிறதோ அந்த இடத்தின் நிறம் ஒவ்வொரு அடியிலும் புதிதாக எடுக்கப்படும். ஒன்ஸில், மவுஸை அழுத்திய முதல் நொடியில் குறிக்குக் கீழே இருந்த நிறம் மட்டும். கையை எடுக்கும் வரை அது மாறாது. ஸ்வாட்ச் படத்தையே பார்ப்பதில்லை. கருவிப்பெட்டியின் அடியில் இரண்டு நிறக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறதே, அதில் பின்னால் இருக்கும் கட்டத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதைத்தான் தேடும். நீங்கள் பார்த்த மூன்று கோளாறுகளும் இந்த மூன்று வாக்கியங்களில் இருந்துதான் வருகின்றன.

வேலைக்குப் போகும் முன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். முதலில் Ctrl+J அடித்து லேயரை நகல் எடுத்து, அசலை மறைத்துவையுங்கள், ஏனென்றால் இந்தக் கருவி மாஸ்க் எதுவும் போடாது, பிக்சலையே அழித்துவிடும். Background என்று பூட்டிய லேயரில் நேரடியாகத் தேய்த்தாலும் அதைச் சாதாரண லேயராக மாற்றிவிட்டு அழிக்கும், கேள்வியெல்லாம் கேட்காது. இரண்டாவது, நகலுக்குக் கீழே Layer > New Fill Layer > Solid Color வழியாக அடர்த்தியான சிவப்பு லேயர் ஒன்று போடுங்கள். வெறும் சதுரக் கட்டங்களின் மேல் பார்த்தால் அரைகுறையாக அழிந்த ஓலை கண்ணில் படவே படாது, சாம்பல் கட்டத்துக்கும் மங்கிய பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்பின் மேல் வைத்தால் ஓலையில் விழுந்த ஓட்டை உடனே தெரியும், வானத்தில் மிஞ்சிய நீலத் திட்டும் தெரியும்.

சரி, இப்போது உங்கள் படத்தின் நிறங்களைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். F8 அடித்து இன்ஃபோ பேனலைத் திறந்துகொண்டு, மவுஸை வானத்தின் உச்சியிலும், அடிவானத்துக்குப் பக்கத்திலும், ஓலையிலும், தண்டிலும் வைத்துப் பாருங்கள். உங்கள் படம் என் கையில் இல்லை, அதனால் பகல் வெளிச்சத்தில் எடுத்த தென்னை மரப் படத்தில் வரக்கூடிய எண்களாகச் சிலவற்றை வைத்துக்கொள்கிறேன். வான உச்சி 70, 120, 190. அடிவானம் 195, 212, 228. தண்டு 165, 160, 150. மூன்று எண்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை.

வான உச்சிக்கும் அடிவானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 125, 92, 38. வான உச்சிக்கும் தண்டுக்கும் உள்ள வித்தியாசம்: 95, 40, 40. கூட்டிப் பார்த்தால் முன்னது 255, பின்னது 175. அதாவது வானத்தின் ஒரு முனை இன்னொரு முனையிலிருந்து விலகி நிற்கும் தூரம், தண்டு அந்த உச்சியிலிருந்து விலகி நிற்கும் தூரத்தைவிட அதிகம். உச்சியில் ஒரு நிறம் எடுத்து, அது அடிவானம் வரை எட்ட வேண்டும் என்று டாலரன்ஸைக் கூட்டினால், அடிவானம் வந்து சேர்வதற்கு முன்பே தண்டு போய்விடும். டாலரன்ஸ் எந்த எண்ணில் இருந்தாலும் இதற்கு வழி கிடையாது. போட்டோஷாப் உள்ளே செய்யும் கணக்கு இந்தக் கூட்டல் மாதிரியேதான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இந்த அளவு போதும்.

கன்டினியூயஸ் பிறந்ததே இந்த மாதிரி வானத்துக்குத்தான். அடிக்கு அடி புது நிறம் எடுப்பதால், வானம் மேலிருந்து கீழே எவ்வளவு மாறினாலும் கவலையில்லை. அந்தந்த இடத்தின் வானத்தை அந்தந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளும், அதனால் டாலரன்ஸை 15, 20 என்று கீழேயே வைத்துக்கொள்ளலாம். தண்டின் இரண்டு பக்கத்தையும் இதில் செய்யுங்கள். கூட்டல் குறி எப்போதும் வானத்திலேயே இருக்க வேண்டும், வட்டத்தின் ஓரம் மட்டும் தண்டின் மேல் ஏறிப் போகட்டும். வட்டம் தண்டில் படுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குறி படாத வரை தண்டுக்கு ஒன்றும் ஆகாது. Caps Lock அழுத்தியிருந்தால் வட்டம் மறைந்து குறி மட்டும் தெரியும். சிலருக்கு "திடீரென்று பிரஷ் அளவே தெரியவில்லை" என்று ஆவது இதனால்தான்.

அது கைவிடும் இடம் ஓலை. தென்னை ஓலையில் ஒரு கீற்றுக்கும் அடுத்த கீற்றுக்கும் நடுவே உள்ள வானம், முழு மரமும் தெரிகிற படத்தில் நான்கைந்து பிக்சல்கூட இருக்காது. அந்தச் சந்துக்குள் குறியை வைத்து இழுக்க வேண்டும் என்றால் எந்தக் கையாலும் முடியாது. ஒரு பிக்சல் தவறினால் குறி கீற்றின் மேல், அந்த நொடியில் அழிக்க வேண்டிய நிறம் பச்சை என்று ஆகிவிடும், வட்டத்துக்குள் இருக்கிற பச்சை முழுக்கப் போய்விடும். இது கண்ணுக்குத் தெரிகிற தோல்வி, Ctrl+Z அடித்துவிடலாம். அமைதியாக நடக்கிற இன்னொரு தோல்விதான் மோசம்: குறி கீற்றின் மேல் விழாமல் கீற்றின் விளிம்பில் விழுவது.

விளிம்புப் பிக்சல் என்பது பாதி ஓலை, பாதி வானம். நடு வானம் 120, 170, 220 என்றும் ஓலை 50, 80, 30 என்றும் வைத்துக்கொண்டால், சரிபாதி கலந்த பிக்சல் 85, 125, 125. பார்த்தால் ஒரு மங்கிய சாம்பல் பச்சை. குறி இதன் மேல் ஒரு கணம் நின்றால் கருவி இதைத்தான் பின்னணி என்று எடுத்துக்கொள்ளும். வானமும் இதற்குக் கொஞ்சம் நெருக்கம், நிழல் விழுந்த ஓலையின் சாம்பல் பச்சையும் கொஞ்சம் நெருக்கம். இரண்டுமே முழுதாக அழியாமல் அரைகுறையாக மங்கும். நீங்கள் வேலையை முடித்துவிட்டு, மரத்தை வேறொரு இருண்ட பின்னணியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஓலையின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பின்னால் இருப்பதைக் காட்டுவது தெரியும். சிவப்பு லேயர் போடச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான்.

கிராஃபிக்ஸ் டேப்லெட்டில் பேனா வைத்து வேலை செய்கிறவர் என்றால் ஒரு விஷயம். இந்தக் கருவியின் பிரஷ் பெட்டியைத் திறந்தால் அடியில் Size, Tolerance இரண்டையும் பேனாவின் அழுத்தத்தோடு இணைக்கும் வசதி இருக்கும். டாலரன்ஸ் அழுத்தத்தோடு இணைந்திருந்தால், கை அழுத்தம் மாற மாற அதுவும் மாறும். ஒரே இழுப்பில் ஒரு இடம் சுத்தமாகவும் ஒரு இடம் திட்டாகவும் வரும், காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். அதை Off செய்துவிடுங்கள்.

ஓலைக்கு வேண்டியது ஒன்ஸ். வானத்தில் ஒரு இடத்தில் அழுத்தி, கையை எடுக்காமல் ஓலைக் கூட்டத்தின் மேலேயே தாராளமாகத் தேய்த்துப் போகலாம். குறி பச்சையின் மேல் போனாலும் எடுத்த நிறம் நீலமாகவே இருப்பதால் பச்சைக்கு ஆபத்தில்லை. ஆனால் இதற்குப் பக்கத்தில் இருக்கும் Limits பெட்டியையும் சரியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்ஸுக்கு அர்த்தமே இல்லை. அங்கே Contiguous இருந்தால், ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வானத்தை மட்டும்தான் அழிக்கும். கீற்றுகளால் அடைபட்ட சந்துகள் வெளி வானத்தைத் தொடாததால் நீலமாகவே நிற்கும். Discontiguous வைத்தால் வட்டத்துக்குள் அந்த நிறம் எங்கே இருந்தாலும், தொட்டுக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், போகும். ஓலைக்கு ஒன்ஸும் டிஸ்கன்டிகுவஸும் சேர்ந்துதான் வேலை செய்யும். தண்டு ஓரத்துக்கு கன்டினியூயஸோடு Contiguous அல்லது Find Edges வையுங்கள். Find Edges வைத்தால் விளிம்பின் கூர்மையைக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றும், கட்டடம், தண்டு மாதிரி நேரான ஓரங்களுக்கு நல்லது.

உங்களுக்கு ஒன்ஸில் பாதி வானம் நின்றது ஏன் என்று மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. உச்சியில் எடுத்த நிறத்தை வைத்துக்கொண்டு அடிவானம் வரை போகப் பார்த்திருக்கிறீர்கள். வானத்தைக் குறுக்குவாட்டில் மூன்று பட்டையாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் பட்டையில் அழுத்தி மேல் பட்டைக்குள் இருக்கும் ஓலைகளை மட்டும் தேய்த்து, கையை எடுங்கள். அடுத்த பட்டைக்கு வந்து, அங்கே சுத்தமான வானத்தில் அழுத்தி, அந்தப் பட்டையை முடியுங்கள். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் நிறம் அவ்வளவாக மாறாது என்பதால் டாலரன்ஸ் 20, 25 போதும். உயரமாகத் தெரிகிற ஓலைக்கு மேல் பட்டை, தொங்குகிற ஓலைக்கு நடுப் பட்டை. கீழ்ப் பட்டையில் ஓலை அநேகமாக இருக்காது, தண்டு மட்டும்தான், அதை கன்டினியூயஸில் முடித்துவிட்டோம்.

இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. ஒன்ஸ் என்றால் "ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான்" என்று நினைத்துக்கொண்டு, இடையில் கையை எடுத்து ஓலை நடுவிலிருந்தே மறுபடி தொடங்கிவிடுவார்கள். கையை எடுத்த உடனே பழைய நிறம் போய்விட்டது. புதிதாக அழுத்திய இடத்தில் ஓலை இருந்தால் இனி ஓலைதான் பின்னணி. அதனால் ஒவ்வொரு அழுத்தலும் ஓலையிலிருந்து தள்ளி, வெறும் வானத்தில் தொடங்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: கையை எடுக்காமலே மரம் முழுவதையும் ஒரே இழுப்பில் முடித்தால், கடைசியில் ஏதாவது கெட்டுப்போய் Ctrl+Z அடிக்கும்போது அத்தனையும் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் ஹிஸ்டரியில் அந்த முழு இழுப்புக்கும் ஒரே ஒரு வரிதான். ஒரு ஓலைக்கு ஒரு இழுப்பு என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேகம் இருந்தால் ஒன்ஸ் தடுமாறும். வெள்ளை மேகத்தின் முன்னால் ஓலை போகிற இடத்தில் நீலத்தை எடுத்த ஒன்ஸுக்கு மேகம் தெரியாது. அங்கே மேகத்தில் ஒரு அழுத்தல் புதிதாக வேண்டும். நீல வானமும் மேகமும் கலந்து திட்டுத்திட்டாக இருக்கிற வானம் என்றால் நீங்கள் எத்தனை பட்டை பிரித்தாலும் முடியாது, அந்தப் படத்துக்கு இந்தக் கருவியே வேண்டாம்.

ஸ்வாட்சில் ஒன்றுமே நடக்கவில்லை என்றீர்கள். பின்கட்டத்தின் நிறம் என்ன என்று பாருங்கள், தொண்ணூறு சதவீதம் வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் போட்டோஷாப் வைத்திருக்கும் வழக்கமான நிறமே அதுதான். D அழுத்தினாலும் வெள்ளைக்குப் போய்விடும், X அழுத்தினால் முன்னும் பின்னும் இடம் மாறிவிடும். நீல வானத்தில் வெள்ளையைத் தேடச் சொன்னால் கருவி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. இன்னும் கவனித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை: ஓலையில் வெயில் பட்டுப் பளபளக்கும் இடங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருக்கலாம், அவை வெள்ளைக்கு நெருக்கம். சிவப்பு லேயரை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

பலர் இதைச் சரிசெய்யப் போய் இன்னொரு இடத்தில் மாட்டுவார்கள். பேக்ரவுண்ட் எரேசர் கையில் இருக்கும்போது Alt அழுத்தினால் ஐட்ராப்பர் வரும், வானத்தில் கிளிக் செய்வார்கள், நிறம் எடுத்தாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் அது போய் உட்காருவது முன்கட்டத்தில். பின்கட்டம் வெள்ளையாகவே இருக்கும், கருவியும் சும்மாவே இருக்கும். பின்கட்டத்துக்கு நிறம் எடுக்க வேண்டும் என்றால் I அழுத்தி ஐட்ராப்பர் கருவிக்கே போய், அதற்கு அப்புறம் Alt பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். அப்படி எடுக்கும்போது மேலே Sample Size என்ற பெட்டியில் 5 by 5 Average வையுங்கள். Point Sample இருந்தால் ஒரே ஒரு பிக்சலின் நிறம் வரும், மொபைல் படத்தின் வானத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களே வேறு வேறு நீலமாக இருக்கும், அதில் ஓரமாக விலகி நிற்கும் ஒன்று உங்கள் கையில் சிக்கினால் டாலரன்ஸ் முழுக்க வீண்.

இவ்வளவு செய்து ஸ்வாட்சை எதற்கு வைத்துக்கொள்வது என்றால், உங்கள் தென்னை மரத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம். அது ஒரே பின்னணியில் எடுத்த வரிசைப் படங்களுக்கானது. ஸ்டுடியோவில் ஒரே நீலத் துணியின் முன் ஒரே விளக்கில் முப்பது நாற்பது பேரை எடுத்திருக்கிறீர்கள் என்றால், முதல் படத்தில் துணியின் நிறத்தை எடுத்து வைத்தால் போதும், கை எங்கே தொடங்கினாலும், எத்தனை முறை எடுத்து வைத்தாலும், நிறம் மாறாது. ஒன்ஸில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடம் பார்க்கிற அவஸ்தை இதில் இல்லை. அங்கேயும் துணியின் மூலைகளில் வெளிச்சம் குறைந்து நீலம் இருண்டிருந்தால் மூலைகள் நிற்கும். மொபைலில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுத்திருந்தால், சிவப்புப் புடவை கட்டியவர் வரும்போது ஒரு நீலமும் வெள்ளைச் சட்டை போட்டவர் வரும்போது இன்னொரு நீலமும் விழும், முதல் படத்தின் நிறம் அடுத்த படத்துக்குப் பொருந்தாது. முதல் படத்தில் அருமையாக வேலை செய்து பத்தாவது படத்தில் சொதப்பினால் பின்கட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

Protect Foreground Color என்று ஒரு டிக் இருக்கிறதே, அதை ஓலைக்குப் பயன்படுத்தலாம். இதற்குத்தான் அந்த Alt கிளிக். ஓலையில் எந்த இடம் போய்க்கொண்டிருக்கிறதோ, பெரும்பாலும் மஞ்சள் கலந்த குருத்து அல்லது காய்ந்த மட்டை, அங்கே Alt பிடித்துக் கிளிக் செய்து டிக் போட்டால் அந்த நிறத்தைத் தொடாது. ஆனால் அதுவும் ஒரே ஒரு நிறம்தான். குருத்துக்கு எடுத்த நிறம் பாளைக்கு உதவாது, பாளைக்குப் போகும்போது மறுபடி எடுக்க வேண்டும். அப்புறம் நிழல் பச்சையைப் பாதுகாக்கச் சொன்னால் நாம் மேலே பார்த்த 85, 125, 125 மாதிரி விளிம்புக் கலவையையும் சேர்த்துப் பாதுகாத்துவிடும், ஓலையைச் சுற்றி நீலச் சாம்பல் கோடு ஒன்று நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் டிக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒன்ஸில் தேய்த்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் இந்தக் கோடு போகவே போகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஜேபெக்கில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் சேமித்தாலும், நிறத்தைப் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு என்று நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் சேமிக்கிறார்கள். இரண்டு பிக்சல் அகலமே உள்ள கீற்று நுனிக்குச் சொந்த நிறம் என்று ஒன்று மிஞ்சாது, பக்கத்து வானத்தின் நீலம் அதற்குள் கசிந்திருக்கும். கண்ணுக்கு அது இருட்டாகத் தெரிவதால் ஓலை என்று நினைக்கிறோம், எண்ணைப் பார்த்தால் இருண்ட நீலம். எந்த சாம்பிளிங் வைத்தாலும் நுனி மொட்டையாகும், அல்லது நீலமாக நிற்கும். படம் எடுத்தவரிடம் அசல் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே குறையும்.

மூன்றுமே சேர்ந்து கைவிடும் இடம் ஒன்று உண்டு, தென்னையில் அது கண்டிப்பாக வரும். ஓலையின் மேல்பக்கம் வழவழப்பானது, வெயில் ஒரு கோணத்தில் படும்போது அது பச்சையாகத் தெரியாது, வானத்தையே பிரதிபலித்து வெளிர் நீலமாகவோ வெள்ளையாகவோ பளிச்சிடும். இன்ஃபோ பேனலில் பார்த்தால் அடிவானத்தின் எண்ணுக்கும் அதற்கும் ஏறக்குறைய வித்தியாசமே இருக்காது. நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்கிற எந்தக் கருவிக்கும் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. டாலரன்ஸைக் குறைத்துக்கொண்டே போனால் வானமும் நிற்கும், கூட்டினால் ஓலையின் முதுகில் ஓட்டை விழும். இந்த மாதிரிப் பளபளப்பு இரண்டு மூன்று இடத்தில் இருந்தால், அழித்து முடித்த பிறகு அசல் லேயரிலிருந்து அந்தத் துண்டுகளை லாசோவில் சுற்றி Ctrl+J அடித்து மேலே வைத்துவிடலாம். மரம் முழுக்க இருந்தால் எரேசரை வைத்துவிட்டு சேனலுக்குப் போங்கள்.

சேனல் வழி பெரிய வித்தை ஒன்றுமில்லை. Channels பேனலில் நீல சேனலை மட்டும் கிளிக் செய்து பாருங்கள்: வானம் 190லிருந்து 228 வரை, ஓலை 30 அளவில். சிவப்பிலும் பச்சையிலும் வானத்தைப் பாடாய்ப் படுத்திய அந்த ஏற்ற இறக்கம் நீலத்தில் வெறும் 38தான். ஓலைக்கும் வானத்துக்கும் நடுவே 160 அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அந்த சேனலை நகல் எடுத்து, Ctrl+L அடித்து, கறுப்பு முக்கோணத்தை உள்ளே தள்ளி ஓலையையும் வெள்ளை முக்கோணத்தை உள்ளே தள்ளி வானத்தையும் முழுக் கறுப்பு, முழு வெள்ளையாக ஆக்குங்கள். நீலத்தில் தண்டு 150 என்பதால் அது சாம்பலாக நிற்கும், பளபளப்பு இடங்களும் வெள்ளையாக நிற்கும். இரண்டையும் சாதாரணப் பிரஷில் கறுப்பு பூசி மூடிவிடலாம், இங்கே நீங்கள் தொடுவது படத்தை இல்லை, வெறும் கறுப்பு வெள்ளை நகலை. பிறகு Ctrl பிடித்து அந்த சேனலின் படத்தில் கிளிக் செய்தால் வானம் செலக்ட் ஆகும், Ctrl+Shift+I அடித்து மரத்துக்குத் திருப்பி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தண்டில் அடிவானப் பக்கம் ஓரம் சரியாக வராவிட்டால் பென் டூலில் நான்கைந்து புள்ளி வைத்து இழுத்துவிடுவது எல்லாவற்றையும்விட வேகம்.

அப்புறம் ஏன் எரேசர் என்று கேட்டால், ஒரு விஷயத்தில் அது மாஸ்க்கைவிட மேல். விளிம்புப் பிக்சலை மங்கச் செய்யும்போது அதில் கலந்திருக்கும் வானத்தின் நிறத்தையும் முடிந்தவரை உருவிவிடும், அதனால் வேறு பின்னணியில் வைக்கும்போது நீல ஓரம் குறைவாகத் தெரியும். மாஸ்க் மறைக்க மட்டுமே செய்யும், அரைகுறையாகத் தெரிகிற பிக்சலில் பழைய நீலம் அப்படியே இருக்கும். எரேசரில் முடித்த லேயரை Ctrl கிளிக் செய்து செலக்ஷன் எடுத்து, அசல் லேயருக்கு மாஸ்க்காகப் போடுவது பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள். பாதுகாப்பு உண்மைதான், ஆனால் அசல் பிக்சல்கள் திரும்பி வருவதால் போன நீலமும் கூடவே திரும்பி வரும். வெளிர் பின்னணியில், இன்னொரு வானத்தின் மேல் மரத்தை வைக்கப்போகிறீர்கள் என்றால் அது தெரியாது, மாஸ்க்கே போதும். மாலை நேர ஆரஞ்சு வானத்திலோ அடர்ந்த நிறத்திலோ வைப்பதாக இருந்தால் எரேசர் வெட்டிய லேயரையே பயன்படுத்துங்கள்.

கடைசியாகச் சரிபார்க்க: அழித்த லேயருக்கு Layer Style-இல் Stroke போட்டு இரண்டு பிக்சல் மஞ்சள் கொடுங்கள். வானத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி மஞ்சள் வளையம் வரும். உங்கள் படத்தில் அவை அநேகமாக மேல் மூலைகளிலும் பட்டைகள் சேரும் இடங்களிலும் கிடக்கும். மரத்தைத் தொடாத இடத்தில் இருப்பவற்றை லாசோவில் சுற்றி Delete அடித்துவிட்டு, ஸ்ட்ரோக்கை எடுத்துவிடுங்கள்.